நால்வர் சேர்ந்து விற்ற வீடு, முடிவு வரியில் ‘நான்’: ஒரு கிரையப் பத்திர வரைவு திருத்தப்பட்ட விவரம்

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்து வீடு. சொந்தச் சம்பாத்தியத்தில் அதை வாங்கியவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய தாயார் அவருக்கு முன்பே காலமானவர். அதனால் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மகள் சிங்கப்பூரில் இருக்கிறார், வர முடியாது, ஆகவே மூத்த அண்ணனுக்குப் பவர் எழுதி அனுப்புவது என்று முடிவானது. வாங்குபவர்கள் ஒரு கணவன் மனைவி, பாதிக்கு மேல் வங்கிக் கடன்.

பவர் வந்து சேரத் தாமதமானதால் முதலில் ஒரு கிரைய உடன்படிக்கை மட்டும் போட்டார்கள். அதில் தாயாரும் இரண்டு மகன்களும்தான் கையொப்பம் செய்தார்கள், கிரையத்தின்போது மகளையும் சேர்த்து எழுதிக்கொடுக்கிறோம் என்று ஒரு வாசகம் போட்டு அதைப் பதிவும் செய்துவிட்டார்கள். இந்த விவரம் பிற்பாடு முக்கியமாகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரையப் பத்திர வரைவை அந்த ஊரில் பல வருடமாகத் தொழில் செய்யும் ஆவண எழுத்தர் ஒருவர் தயாரித்தார். நான் வாங்குபவர்கள் தரப்பு வக்கீல் அலுவலகத்தில் வரைவுகளைப் படித்துச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பதிவுக்கு டோக்கன் போடுவதற்கு முன்பு வரைவு எங்கள் மேஜைக்கு வந்தது.

வரைவில் கண்டது

நான் எப்போதும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன். அது இப்படி இருந்தது:

“இந்தப்படிக்கு நான் சம்மதித்து என் மனப்பூர்வமாக எழுதிக்கொடுக்கும் சுத்தக் கிரையப் பத்திரம்.”

நால்வர் விற்கிறார்கள், முடிவில் ‘நான்’. கையொப்பம் ஆகி முடிந்த ஆவணமாக நிற்க வேண்டியதில் ‘எழுதிக்கொடுக்கும்’. ஒரே வரியில் ஒருமை பன்மை என்ற எண்ணும் தப்பு, காலமும் தப்பு. பழைய ஒற்றை ஆள் பத்திரம் ஒன்றைத் திறந்து, பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றி எடுத்த வரைவு என்பது பார்த்ததும் தெரிந்தது. முகப்பில் நால்வர் பெயரும் வரிசையாக, சரியாக இருந்தது. பணம் பெற்ற பத்தியிலும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்றே இருந்தது. அதாவது ஒருவர் உட்கார்ந்து பன்மையாக்கிக்கொண்டே வந்திருக்கிறார், கடைசி வரியில் மட்டும் அது நின்றுபோயிருக்கிறது.

இது கடைசி வரியில் அடிக்கடி நடப்பதற்குக் காரணம் அந்த வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் வினைமுற்று கிடையாது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எங்காவது இருந்தால் அந்த ‘ஏன்’ விகுதி கண்ணில் குத்தும், நால்வர் விற்கிறார்களே என்று கை தானாக ‘பெற்றுக்கொண்டோம்’ என்று மாற்றிவிடும். முடிவு வரியில் வர வேண்டியதோ ‘எழுதிக்கொடுத்த’ என்னும் பெயரெச்சம், அதற்கு ஒருமை பன்மை, ஆண் பெண் எதுவும் இல்லை. நான் எழுதிக்கொடுத்த பத்திரம், நாங்கள் எழுதிக்கொடுத்த பத்திரம், இரண்டிலும் அந்தச் சொல் ஒன்றேதான். ‘சம்மதித்து’ என்பதும் அப்படியே. ஆக, எத்தனை பேர் என்பதைக் காட்டுவது ‘நான்’, ‘என்’ என்ற இரண்டு சிறு சொற்கள் மட்டும்தான், வேகமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு அவை தட்டுப்படுவதே இல்லை.

கடைசி வரி இப்படி என்றால் உள்ளேயும் ஏதாவது மிச்சம் இருக்கும் என்று முழுவதையும் படித்தேன். வில்லங்கப் பத்தியில் இருந்தது. பிற்காலத்தில் சொத்தின் பேரில் ஏதாவது வில்லங்கம், வாரிசுப் பாத்தியம் வந்தால் “நானே என் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக்கொடுக்கக் கடமைப்பட்டவன்” என்று நின்றது. முதல் எழுதிக்கொடுப்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. ‘கடமைப்பட்டவன்’ என்பது அவரைக் குறிக்க வழியே இல்லை, மகள் ஒரு பெண், அவரையும் குறிக்காது. அப்படியானால் இந்த ‘நான்’ யார்? மூத்தவரா, இளையவரா? முடிவு வரியை விட இந்தப் பத்தியில்தான் எனக்குக் கவலை அதிகமாக இருந்தது, ஏனென்றால் நாளைக்கு வில்லங்கம் என்று ஒன்று வந்தால் வாங்கியவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போகும் வாசகம் இதுதான். ‘நாங்கள்’ என்று பன்மையில் இருந்தால், வேறு விதமாக எழுதப்படாதவரை, 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் எவரிடமும் முழுவதையும் நிறைவேற்றும்படி கேட்கலாம். ஒருமையில் இருந்தால் அந்த ஒருவர் யார் என்பதிலேயே வாதம் தொடங்கிவிடும்.

இதனால் பத்திரமே செல்லாது என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆவணத்தை முழுவதுமாகப் படித்துத்தான் பொருள் கொள்வார்கள். முகப்பில் நால்வர் பெயரும் இருந்து, நால்வர் தரப்பிலும் கையொப்பம் ஆகியிருந்தால், முடிவில் ஒரு ‘நான்’ இருப்பதால் மட்டும் மூன்று பேருடைய பங்கு கைமாறாமல் போகாது. ஆனால் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் கேள்வி எழுப்புவார், அடுத்த முறை இந்த வீட்டை விற்கும்போது வாங்க வருகிறவரின் வக்கீலும் எழுப்புவார். அப்போது திருத்த வேண்டுமென்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு நால்வர் தரப்பும் மறுபடி வந்து நிற்க வேண்டும். அம்மாவின் வயது, சிங்கப்பூரிலிருந்து வந்த பவர் அன்றைக்கு அமலில் இருக்குமா என்பது, இரண்டையும் யோசித்தால் இப்போதே பார்த்துவிடுவதுதான் முறை.

முதல் திருத்தமும் அதில் வந்த கோளாறும்

குறிப்பெழுதி வரைவைத் திருப்பி அனுப்பினோம். ஆவண எழுத்தரின் உதவியாளர் அன்றைக்கே திருத்தி அனுப்பிவிட்டார், ஆனால் அவர் செய்தது கணினியில் ‘நான்’ என்பதை எல்லா இடத்திலும் ‘நாங்கள்’ என்று மாற்றும்படி ஒரே தட்டு, ‘என்’ என்பதை ‘எங்கள்’ என்று இன்னொரு தட்டு. திரும்பி வந்த வரைவின் சொத்து விவரத்தில் “இந்த நாங்கள்கு எல்லைக்குள்” என்று இருந்தது. ‘நான்கு’ என்ற சொல்லுக்குள் ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது, கணினிக்கு அது வேறு சொல் என்று தெரியாது. ‘என்பவர்’ எல்லாம் ‘எங்கள்பவர்’ ஆகியிருந்தது, ‘என்ற’ எல்லாம் ‘எங்கள்ற’. இவை கண்ணில் பட்டுவிடும், அதனால் ஆபத்து குறைவு.

கண்ணில் படாதவை வேறு. ‘கடமைப்பட்டவன்’ மாறவே இல்லை, அதில் ‘நான்’ என்ற எழுத்துத் தொடர் கிடையாதே. “எங்களே எங்கள் சொந்தச் செலவில்” என்று யாரோ கையால் பாதி சரிசெய்து, கடைசியில் ‘கடமைப்பட்டவன்’ அப்படியே நின்றது. இன்னொன்று, பூர்வீக விவரம் சொல்லும் பத்தியில் “என் தகப்பனார் சுயமாகக் கிரையம் பெற்று” என்றிருந்தது “எங்கள் தகப்பனார்” என்று ஆகியிருந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இறந்தவர் முதல் எழுதிக்கொடுப்பவருக்குக் கணவர். பன்மையாக்கியதால் பிள்ளைகளோடு சேர்த்து அம்மாவுக்கும் அவர் தகப்பனார் ஆகிவிட்டார். இதை “எங்களில் 1-வது நபரின் கணவரும், 2 முதல் 4 வரையுள்ள நபர்களின் தகப்பனாருமான” என்று விரித்துத்தான் எழுத வேண்டும், சுருக்க வழியில்லை.

முடிவு வரி இப்போது இப்படி வந்திருந்தது: “இந்தப்படிக்கு நாம் மூவரும் சம்மதித்து எங்கள் மனப்பூர்வமாக எழுதிக்கொடுக்கும் சுத்தக் கிரையப் பத்திரம்.” மூவர், நாம், எழுதிக்கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது, காரணமில்லாமல் யாரும் போடவில்லை. அதனால் ஆவண எழுத்தரின் அலுவலகத்துக்கே போய் எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசுவது என்று வக்கீல் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் மூவரா நால்வரா. இளைய மகன் சொன்னார், “சார், அன்னைக்கு ஆபீசுக்கு வரப்போறது அம்மா, அண்ணன், நான், மூணு பேருதானே, அக்கா வரலையே.” உதவியாளரும் அப்படி எண்ணித்தான் போட்டிருந்தார். ஆனால் பத்திரத்தில் பேசுகிறவர்கள் வேறு, நாற்காலியில் உட்காருகிறவர்கள் வேறு. பவர் ஏஜெண்ட் செய்வது தன் காரியம் இல்லை, அதிகாரம் கொடுத்தவருடைய காரியம். மூத்தவர் தங்கைக்காகக் கையொப்பம் செய்யும்போது அங்கே விற்பது தங்கைதான். எழுதிக்கொடுப்பவர்கள் நால்வர், நேரில் வருபவர்கள் மூவர், கடைசித் தாளில் விழுவது நான்கு ஒப்பம், அதில் மூத்தவருடையது இரண்டு: ஒன்று தனக்காக, ஒன்று 3-வது நபரான தங்கைக்காக. ‘மூவரும் சம்மதித்து’ என்று எழுதினால் சம்மதித்தவர்களில் மகள் இல்லை என்று அந்த வரியே சொல்லிவிடும், கால் பங்குக்கு உரியவர் அவர்.

அப்போது மூத்த மகன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. “அப்படின்னா எல்லா இடத்திலயும் நால்வர்னு போட்டுடலாமா?” கூடாது. பழைய உடன்படிக்கையைக் குறிப்பிடும் பத்தியில் “நாங்கள் நால்வரும் தங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கை” என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், அதில் கையொப்பம் செய்தவர்கள் மூவர், அது பதிவேட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துப் பார்க்கலாம். முன்பணம் வாங்கியதும் அந்த மூவர். ஆகவே அந்தப் பத்தியில் மட்டும் “எங்களில் 1, 2, 4 நபர்கள்” என்றும், மகள் இப்போது இந்தக் கிரையத்தில் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்வதோடு அந்த உடன்படிக்கையையும் ஏற்றுக்கொள்கிறார் என்றும் எழுதினோம். பத்திரத்தில் பேசுகிறவர்களின் எண்ணிக்கை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே எண்ணாக ஓடுவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் இந்தக் காரியத்தைச் செய்தது யார் யார் என்று கேட்டு, அதற்கு ஏற்ற எண்ணைப் போட வேண்டும். முடிவு வரியில் மட்டும் எழுதிக்கொடுப்பவர்கள் அத்தனை பேரும் வந்தாக வேண்டும்.

அடுத்தது நாமா நாங்களா. இதில் ஆவண எழுத்தர் விட்டுக்கொடுக்கவில்லை. “தம்பி, எங்க அப்பா காலத்துப் பத்திரத்துல எல்லாம் ‘நாம்’தான். பத்திரத்துக்கு அதுதான் கௌரவம்” என்றார். அவர் சொன்னது உண்மைதான், பழைய பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவர்கள் மட்டும் தங்களை ‘நாம்’ என்று சொல்லிக்கொண்டதைப் பார்க்க முடிகிறது. ஆனால் இன்றைய தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். இந்தப் பத்திரம் முழுவதும் வாங்குபவர்களை முன்னால் நிறுத்தி ‘தங்களுக்கு’, ‘தாங்கள்’ என்று பேசுகிறது. அப்படிப் பேசிவிட்டுக் கடைசியில் ‘நாம் சம்மதித்து’ என்றால் வாங்குபவர்களும் சேர்ந்து எழுதிக்கொடுத்ததாகப் படிக்க இடம் வரும். ‘எழுதிக்கொடுத்த’ என்பதில் உள்ள ‘கொடு’ ஒரு தரப்பிலிருந்து மற்றத் தரப்புக்குப் போவது, அதோடு ‘நாங்கள்’தான் ஒட்டும். “ஐயா, பாகப்பிரிவினையில நீங்க எப்படி முடிப்பீங்க?” என்று கேட்டேன். “நாம் அனைவரும் சம்மதித்து எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம்” என்று யோசிக்காமல் சொன்னார். சொன்னதும் அவரே நிறுத்திவிட்டார். பாகத்தில் எல்லோரும் இரு பக்கமும் இருக்கிறார்கள், அதனால் ‘நாம்’, அதனால் ‘எழுதிக்கொண்ட’. உடன்படிக்கையிலும் இரு தரப்பும் சேர்ந்துதான், அங்கும் அதே வாய்பாடு. ஒருவர் பிள்ளைக்கு செட்டில்மெண்ட் செய்தால் ‘நான் எழுதிவைத்த’ என்பார்கள், அங்கே ‘வை’ வருகிறது. கிரையத்துக்கு ‘நாங்கள் எழுதிக்கொடுத்த’ என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, காலம். உதவியாளர் ‘எழுதிக்கொடுக்கும்’ என்று போட்டதற்குச் சொன்ன காரணம் நேர்மையானது: பத்திரம் தட்டச்சு ஆகும் நாளில் யாரும் எதையும் இன்னும் எழுதிக்கொடுக்கவில்லை, அடுத்த வாரம்தான் பதிவு, அப்புறம் எப்படி ‘கொடுத்த’ என்று போடுவது? இளைய மகனுக்கும் இதே சந்தேகம் பணம் பற்றி இருந்தது. டிடி இன்னும் கைக்கே வராதபோது ‘பெற்றுக்கொண்டோம்’ என்று எப்படி எழுதுவது என்றார்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். பத்திரம் தட்டச்சு ஆகும் நேரத்தில் பேசுவதில்லை, கையொப்பம் ஆகும் நேரத்தில் பேசுகிறது. கடைசித் தாளில் ஒப்பம் விழும் அந்தக் கணத்தில் எழுதிக்கொடுப்பது முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு படிக்கிற எவருக்கும் அது நடந்து முடிந்த காரியம். பதிவு அன்றைக்கே நடக்க வேண்டும் என்றுகூட இல்லை, 1908-ம் வருடப் பதிவுச் சட்டத்தின் 23-வது பிரிவு பொதுவாக நான்கு மாதம் வரை அவகாசம் தருகிறது, பதிவான பின் 47-வது பிரிவுப்படி அது எழுதிக்கொடுத்த நேரத்திலிருந்தே நடைமுறைக்கு வரும், பதிவான நேரத்திலிருந்து அல்ல. ஆகவே ‘எழுதிக்கொடுத்த’ என்பது கையொப்பத்தைக் கணக்கில் வைத்த இறந்தகாலம். பணமும் அப்படியே. ஆனால் அங்கே வார்த்தையைத் திருத்தினால் போதாது, நடைமுறையைத் திருத்த வேண்டும்: டிடிக்களைக் கையில் வாங்கி எண்ணையும் தொகையையும் பத்திரத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் முதல் கையொப்பம். அப்போது ‘பெற்றுக்கொண்டோம்’ சொல்லும் விஷயம் கையொப்பம் விழும்போது உண்மையாக இருக்கும். இதை நாங்கள் விற்பவர்கள் தரப்புக்காகவும் வற்புறுத்தினோம், பணம் பெற்றதாக எழுதிக் கையொப்பமும் போட்டுவிட்டு, பிறகு வரவில்லை என்று நிரூபிப்பது அவர்களுக்குத்தான் பெரிய பாடு.

‘எழுதிக்கொடுக்கும்’ ஏன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எதிர்காலம் உடன்படிக்கையின் மொழி. கிரையம் ‘எழுதிக்கொடுக்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறோம்’ என்பது உடன்படிக்கை, 1882-ம் வருடச் சொத்துமாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவு அப்படிப்பட்ட ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. இங்கே உள்ளே ‘கிரையம் செய்துகொடுத்துவிட்டோம்’, ‘சுவாதீனத்தையும் ஒப்படைத்துவிட்டோம்’ என்று இருந்ததால் குழப்பம் வந்திருக்காது. இருந்தாலும் உள்ளே முடிந்ததாகவும் முடிவில் முடியப்போவதாகவும் ஒரே பத்திரம் பேசுவானேன்?

அதற்காக எல்லா வினையையும் இறந்தகாலமாக்கிவிடவும் முடியாது. வில்லங்கம் வந்தால் தீர்த்துக்கொடுப்பது இனிமேல் நடக்கக்கூடியது, வாங்கியவர்கள் ஆண்டு அனுபவித்துக்கொள்வதும் இனிமேல்தான். அந்த இரண்டு இடத்தையும் தொடவில்லை, ‘கடமைப்பட்டவன்’ மட்டும் ‘கடமைப்பட்டவர்கள்’ ஆனது, ‘நானே’ என்பது ‘நாங்களே’ ஆனது.

கடைசியாக முடிவு வரி இப்படி நின்றது:

“இந்தப்படிக்கு எழுதிக்கொடுப்பவர்களாகிய நாங்கள் நால்வரும், எங்களில் 3-வது நபருக்காக அவருடைய பொது அதிகார முகவரான 2-வது நபர் மூலமாகவும், சம்மதித்து எங்கள் மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த சுத்தக் கிரையப் பத்திரம்.”

கொஞ்சம் நீளம்தான். பவர் விவரம் முகப்பில் இருக்கிறதே, முடிவிலும் வேண்டுமா என்று வக்கீலே கேட்டார். நால்வர் என்று எழுதிக் கீழே மூன்று ஆட்களின் ஒப்பம் இருக்கும்போது, கடைசித் தாளை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கட்டும் என்றேன், வைத்துக்கொண்டோம்.

வாங்குபவர்கள் பக்கம் ஒரு சேர்க்கை

இதையெல்லாம் பேசும்போது இன்னொன்று தெரிந்தது. விற்பவர்களின் எண்ணை வினைமுற்று காட்டிக்கொடுக்கும், வாங்குபவர்களின் எண்ணை எதுவும் காட்டாது. ‘தாங்கள்’ என்பது மரியாதைக்கு ஒருவருக்கும் வரும், இருவருக்கும் வரும். வரைவில் ‘தாங்கள் அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்றிருந்தது கணவனுக்கு மட்டுமா, இருவருக்குமா என்று அந்த வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. பங்கு எவ்வளவு என்றும் எங்கும் இல்லை. பங்கு எழுதாவிட்டால் சொத்துமாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு வழிகாட்டும்: அவரவர் போட்ட பணத்தின் அளவுக்குப் பங்கு, அதற்குச் சான்று இல்லையென்றால் சமம் என்று கொள்வது. கணவன் மனைவியிடம் கேட்டோம், சமமாகத்தான் என்றார்கள். “தாங்கள் இருவரும் சமபாகமாக” என்று நான்கு இடத்தில் சேர்த்தோம். முடிவு வரியில் இது வராது, அது விற்பவர்களின் வரி.

பதிவு நாளும் பின்பும்

முத்திரைத்தாளில் அச்செடுப்பதற்கு முன் கடைசி வரைவை ஆவண எழுத்தர் அந்த அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். ‘நாங்கள் நால்வரும்’ என்ற இடத்தில் அம்மா, “மகளையும் சேத்துத்தானே சொல்றீங்க?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அச்சான பிறகு திருத்துவது வேறு கதை. பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, அடித்தல், இடைச்செருகல், திருத்தல் உள்ள ஆவணத்தில் எழுதிக்கொடுப்பவர்கள் அந்தந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ செய்யாவிட்டால் சார்பதிவாளர் அதை ஏற்க மறுக்கலாம். ஒரு ‘நான்’ஐ அடித்து ‘நாங்கள்’ ஆக்கவே நான்கு சுருக்கொப்பம் தேவைப்பட்டிருக்கும்.

பதிவு அன்று டிடிக்களைச் சரிபார்த்த பிறகுதான் கையொப்பம் தொடங்கியது. அம்மா இடது பெருவிரல் ரேகை வைத்தார். பக்கத்தில் இருந்த சாட்சி ஒருவர், பத்திரத்தில் ஓரிடத்தில் ‘கையொப்பம் செய்து’ என்று இருக்கிறதே, ரேகைக்கு அது பொருந்துமா என்று கேட்டார். மாற்ற வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எழுதத் தெரியாதவர் வைக்கும் அடையாளமும் கையொப்பத்தில் அடங்கும் என்று 1897-ம் வருடப் பொது உட்கூறுகள் சட்டத்திலேயே இருக்கிறது. மூத்த மகன் ஒவ்வொரு தாளிலும் இரண்டு ஒப்பம் போட்டார், இரண்டாவதன் கீழே 3-வது நபருக்காக என்ற குறிப்போடு. மகளின் உயிர்வாழ் சான்றும் பவரும் காட்டப்பட்டன. பத்திரம் அன்றே பதிவாகிவிட்டது.

வங்கி வக்கீலிடமிருந்து பிற்பாடு ஒரே ஒரு கேள்வி வந்தது, அதுவும் முடிவு வரி பற்றியதல்ல. உடன்படிக்கையில் மூவர், கிரையத்தில் நால்வர், ஏன் என்று கேட்டிருந்தார். ‘எங்களில் 1, 2, 4 நபர்கள்’ என்ற பத்தியின் பக்க எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினோம், வேறு விளக்கம் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு மாற்றியவை

எங்கள் அலுவலகத்தில் இப்போது வரைவைப் படிக்கும்போது ஒரு தனித்தாளில் எழுதிக்கொடுப்பவர்களின் வரிசை எண்ணை எழுதி, நேரில் வருபவர், பவர் மூலம் வருபவர், மைனருக்காக வரும் கார்டியன் என்று பக்கத்தில் குறித்துக்கொள்கிறோம். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் முடிவு வரியை எண்ணுகிறோம். மைனர் இருந்தால் கணக்கு இதைவிடச் சிக்கல், தாயார் தனக்கும் மைனருக்கும் சேர்த்துக் கையொப்பம் செய்வார். மைனர் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி இருக்கிறதா என்பதை முடிவு வரிக்கு முன்னால் பார்க்க வேண்டும், அது இல்லாதபோது எண்ணைத் திருத்திப் பயனில்லை.

கணினியில் தேடும்போது ‘நான்’ என்று தேடி மாற்றுவதை நிறுத்திவிட்டோம், தேடுவது பார்ப்பதற்கு மட்டும். ‘நான்’, ‘என்’, ‘எனது’ மூன்றையும் தேடிவிட்டு, தனியாக ‘டேன்’, ‘தேன்’, ‘றேன்’, ‘வேன்’, ‘பட்டவன்’, ‘பட்டவள்’ என்ற முடிவுகளையும் தேடி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தோடு படித்துக் கையால் மாற்றுகிறோம்.

ஆவண எழுத்தர் தன் பங்குக்கு ஒன்று செய்தார். ஒருவர் எழுதிக்கொடுக்கும் கிரையம், பலர் எழுதிக்கொடுக்கும் கிரையம், பாகம், செட்டில்மெண்ட், உடன்படிக்கை ஐந்துக்கும் தனித்தனியாக மாதிரிக் கோப்பு வைத்துக்கொண்டார், பலர் எழுதிக்கொடுக்கும் கோப்பின் முடிவு வரியில் எண் வர வேண்டிய இடத்தைக் கோடிட்டுக் காலியாக விட்டிருக்கிறார். காலி இடம் உள்ள தாளை அச்செடுக்கக் கூடாது என்று உதவியாளரிடம் சொல்லியிருப்பதால், பெயர்ப் பட்டியலை எண்ணாமல் அவர் அந்தத் தாளைத் தாண்ட முடியாது.